சமப் பங்கா, கட்டிய விகிதமா, யூனிட் கணக்கா: தெரு முதலீட்டுக் குழுவுக்கு எந்தப் பேரேடு?

மகாராஜ நகரிலிருந்து ஒருவர், மேலப்பாளையத்திலிருந்து ஒருவர், அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியை. மூவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எட்டோ பத்தோ பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டுப் பங்கு வாங்குகிறோம். யாருக்கு எவ்வளவு என்று எப்படி எழுதி வைப்பது? ஆசிரியை இன்னொன்றும் சேர்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, ஒருவர் நடுவில் போகிறேன் என்றால் என்ன கொடுக்க வேண்டும்?"

இரண்டும் ஒரே கேள்விதான். குழு நன்றாக நடக்கும் வரை எந்தக் கணக்கு முறையும் சரியாகவே தெரியும். ஒருவர் எழுந்து "என் பங்கைக் கொடுங்கள்" என்று சொல்லும் நாளில்தான் பேரேட்டின் தரம் வெளிப்படும். பாளையங்கோட்டையில் நாங்கள் முதலில் நடத்திய குழு அந்த ஒரு வாக்கியத்தில்தான் உடைந்தது. சென்னைக்கு மாற்றலாகிப் போன நண்பர் தன் தொகையைக் கேட்டார். எங்களிடம் இருந்தது யார் எந்த மாதம் கட்டினார் என்று டிக் அடித்த ஒரு நீள நோட்டு மட்டும். அவர் ஒரு தொகை சொன்னார், நாங்கள் ஒரு தொகை சொன்னோம், இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. இருபது வருடப் பழக்கம் அதோடு போயிற்று.

அந்த நோட்டு சீட்டு பிடிப்பவர்களின் நோட்டு. நம் ஊரில் சீட்டு தெரியாத வீடு கிடையாது. ஆகவே பங்குக்கும் அதே கட்டங்களைப் போட்டுவிடுகிறோம். சீட்டில் இருபது பேர் என்றால் இருபது மாதம், எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பார்கள். கட்டியாயிற்றா என்று பார்த்தால் போதும். பங்கில் முடிவு நாள் கிடையாது, மதிப்பு தினமும் மாறுகிறது. மார்ச்சில் கட்டிய ஆயிரமும் செப்டம்பரில் கட்டிய ஆயிரமும் ஒரே ஆயிரம் அல்ல. டிக் அடித்த கட்டம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

எதை வைத்து எடை போடுவது

நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். நடுவில் சேர்பவருக்கும் ஒரு மாதம் தவறியவருக்கும் நியாயம் கிடைக்கிறதா? கணக்குப் படிக்காத ஒருவர் மாதம் ஒரு மணி நேரத்தில் இதை எழுதி முடிக்க முடியுமா? விலகும் நாளில் வாக்குவாதம் இல்லாமல் ஒரே விடை வருகிறதா? மூன்றாவதுக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

சமப் பங்கு

மொத்த மதிப்பைத் தலைகளால் வகுப்பது. இதைவிட எளிது வேறில்லை. எல்லாரும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே தொகையை ஒரு மாதமும் தவறாமல் கட்டி, மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் விற்றுப் பிரித்துக்கொள்வது என்றால் இதுவே போதும். ஒரே அலுவலகத்தில் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டுபவர்களுக்கு இது பொருந்தும். யாரையும் நடுவில் சேர்ப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தெருக் குழுவுக்கு இது தாங்காது. ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. மூன்று மாதம் கட்ட முடியவில்லை. சமப் பங்கில் அவரிடம் பாக்கியோடு அபராதமும் வட்டியும் கேட்க வேண்டிவரும். பணமில்லாத நேரத்தில் பக்கத்து வீட்டாரிடம் அபராதம் கேட்பதுதான் இந்த முறையின் மறைவான விலை.

கட்டிய தொகையின் விகிதம்

மொத்தமாகக் குழுவுக்கு வந்த பணத்தில் நீங்கள் கட்டியது பத்தில் ஒரு பங்கு என்றால், இன்றைய மதிப்பிலும் பத்தில் ஒரு பங்கு உங்களுக்கு. கேட்க நியாயமாக இருப்பதால் பெரும்பாலான குழுக்கள் இங்கே வந்து நிற்கின்றன. கட்டாத மாதத்துக்குப் பங்கு இல்லை என்பதால் முதல் முறையைவிட இது மேல்தான். ஆனால் இது ரூபாயை மட்டும் எண்ணுகிறது, அந்த ரூபாய் வந்த நாளை எண்ணுவதில்லை.

ஓர் உதாரணத்தில் பார்ப்போம். பத்துப் பேர் தலைக்கு ரூ.10,000 போட்டுத் தொடங்குகிறார்கள், கையில் ரூ.1,00,000. ஒரு வருடத்தில் அது ரூ.1,25,000 ஆகிறது. அப்போது செல்வி என்று ஒருவர் பதினோராவதாக ரூ.10,000 கொண்டு வந்து சேர்கிறார், மொத்தம் ரூ.1,35,000. அடுத்த வருடம் அது ரூ.1,62,000 ஆகிறது. பதினோரு பேரும் கட்டியது ஒரே பத்தாயிரம்தான். ஆகவே விகிதப்படி ஆளுக்கு ரூ.14,727.

செல்வி இல்லாத முதல் வருடத்தின் லாபமும் அதில் அவருக்குப் போகிறது. அவர் இருந்த வருடத்தில் குழுவின் பணம் 20 சதவீதம் வளர்ந்தது. அவருக்குச் சேர வேண்டியது ரூ.12,000. மிச்சமுள்ள ரூ.2,727 பழைய பத்துப் பேரிடமிருந்தும் தலைக்கு ரூ.273 வீதம் போனது. யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ரூ.273 சின்னத் தொகை என்று தோன்றலாம். ஒருவர் ஆறு மாதம் கட்டாமல் இருந்து, சந்தை ஏறிய பிறகு பாக்கியை மொத்தமாகக் கொண்டுவந்து கட்டினால் அதே ஓட்டை பெரிதாகிறது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் கட்டுகிறார். ஆனால் ஏறிய லாபத்தைப் பழைய விலைக்கு வாங்கிக்கொள்கிறார்.

யூனிட் கணக்கு

செய்தித்தாளில் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பக்கத்தில் அச்சிடும் என்ஏவி இந்தக் கணக்குத்தான். தொடங்கும் நாளில் ஒரு யூனிட் ரூ.100 என்று நாமே வைத்துக்கொள்கிறோம். அதன்பிறகு யார் பணம் கட்டினாலும் அன்றைய யூனிட் விலைக்கு யூனிட் வாங்குகிறார்கள். பேரேட்டில் உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பது யூனிட் எண்ணிக்கை. ரூபாய் அதற்கு விலை மட்டுமே.

அதே உதாரணம். பத்துப் பேருக்கும் நூறு நூறு யூனிட், மொத்தம் 1,000. மதிப்பு ரூ.1,25,000 ஆனபோது ஒரு யூனிட் ரூ.125. செல்வியின் பத்தாயிரத்துக்கு 80 யூனிட் கிடைக்கிறது, மொத்தம் 1,080. மதிப்பு ரூ.1,62,000 ஆனால் ஒரு யூனிட் ரூ.150. பழையவர்களுக்கு ரூ.15,000, செல்விக்கு ரூ.12,000. யாரும் யாருக்கும் மறைமுகமாக எதுவும் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் தவறியவருக்கு அந்த மாதம் யூனிட் இல்லை, அவ்வளவுதான். அபராதம் வேண்டாம், வட்டியும் வேண்டாம். மேலப்பாளையத்து நண்பருக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. வட்டி வாங்கவோ கொடுக்கவோ விரும்பாத குழுவுக்குத் தாமதத்தை வட்டியில்லாமல் சரிசெய்யும் வழி இது. ஒருவர் ரூ.500, இன்னொருவர் ரூ.3,000 என்று கட்டினாலும் கணக்கு மாறாது.

இதற்கும் விலை உண்டு. மாதம் ஒரு முறை மதிப்பீட்டுத் தாள் போட்டே ஆக வேண்டும். அந்தத் தாளில் வரிசை தவறினால் எல்லாமே தவறும்.

| | சமப் பங்கு | கட்டிய விகிதம் | யூனிட் கணக்கு |
|---|---|---|---|
| நடுவில் சேர்பவர் | சேர்க்கவே முடியாது | பழையவர் லாபம் அவருக்குப் போகும் | அன்றைய விலைக்குச் சேர்கிறார் |
| தவறிய மாதம் | அபராதம், வட்டி | பாக்கியைப் பிறகு கட்டினால் சிக்கல் | யூனிட் இல்லை, தகராறும் இல்லை |
| மாத வேலை | சில நிமிடம் | சில நிமிடம் | ஏறக்குறைய ஒரு மணி நேரம் |
| விலகும் நாள் | பேரம் | விடை உண்டு, நியாயம் இல்லை | ஒரே விடை |
| பொருந்தும் இடம் | ஒரே தொகை, முடிவு நாள் உள்ள குழு | ஒரே நாளில் தொடங்கி ஆள் மாறாத குழு | ஆள் வந்து போகும் தெருக் குழு |

மாதத் தாள் எப்படி இருக்கும்

எங்கள் இப்போதைய குழு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. மதிப்பு எடுப்பது அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி வர்த்தக நாளின் முடிவு விலையில். மேலே பார்த்த 1,080 யூனிட் குழுவை மதிப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஒரு மாத முடிவில் நிறுத்தி, அதன் தாளை எழுதிக் காட்டுகிறேன்:

```
பங்குகளின் மதிப்பு          1,38,200
வங்கி இருப்பு                 4,080
கழிக்க: கணக்காளர் பாக்கி       -800
நிகர மதிப்பு               1,41,480
யூனிட்                       1,080
ஒரு யூனிட்                   131.00
```

இதைப் போட்டு முடித்து, இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகுதான் அந்த மாதப் பணத்தைத் தொட வேண்டும். பதினோரு பேரும் ரூ.2,000 கட்டினால் ரூ.22,000, ஆளுக்கு 15.267 யூனிட். யூனிட்டை மூன்று தசமம் வரை எழுதினால் போதும்.

அதிகம் நடக்கும் பிழை இங்கேதான். மாதப் பணம் ஏற்கெனவே வங்கியில் ஏறிவிட்டிருக்கும். பாஸ்புத்தகத்தைப் பார்த்து ரூ.26,080 என்று எழுதிவிடுவார்கள். அப்போது நிகர மதிப்பு ரூ.1,63,480 ஆகி, யூனிட் விலை 151.37 என்று வரும், இரண்டாயிரத்துக்கு 13.213 யூனிட்தான் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே குறைகிறது என்று விட்டுவிடக் கூடாது. யூனிட் குறைவாக வைத்திருப்பவரின் பணத்திலிருந்து அதிகமாக வைத்திருப்பவருக்கு ஒரு துண்டு நகர்கிறது. பிழையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. புதிய யூனிட்டைச் சேர்த்த பிறகு மொத்தப் பணத்தை மொத்த யூனிட்டால் மறுபடி வகுங்கள். ரூ.1,63,480 வகுத்தல் 1,247.939, அதே 131 வர வேண்டும். பணம் கட்டுவதால் யூனிட் விலை மாறவே கூடாது. மாறினால் எங்கோ வரிசை தவறியிருக்கிறது.

இன்னொரு பிழை போனஸ் பங்கு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாகும், எண்ணிக்கை இரட்டிப்பாகும். நோட்டில் பழைய எண்ணிக்கையே இருந்தால் குழுவின் மதிப்பு ஒரே மாதத்தில் சரிந்ததாகத் தெரியும். அந்த மாதம் பணம் கட்டியவர் மலிவாக யூனிட் வாங்கிவிடுவார். ஆகவே எண்ணிக்கையை நோட்டிலிருந்து எழுதாதீர்கள். டீமேட் இருப்பு அறிக்கையிலிருந்து ஒவ்வொரு மாதமும் புதிதாக எடுத்து எழுதுங்கள்.

யார் பெயரில் இருக்கிறது

பேரேடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பங்குகள் செயலாளரின் சொந்த டீமேட்டில் இருந்தால் சட்டத்தின் பார்வையில் அவை அவருடையவை. லாபத்துக்கான வரி அவர் பெயரில் வரும். அவர் இறந்துவிட்டால் பங்குகள் அவருடைய நாமினி கைக்குப் போகும். நோட்டைக் காட்டி அந்த வீட்டில் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வைப்பதைப் பினாமிச் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சரியான வழி 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பத்திரம் எழுதி, குழுவுக்குத் தனி பான் எண்ணும் வங்கிக் கணக்கும் எடுப்பது. கூட்டாண்மை நிறுவனத்தின் பெயரில் டீமேட் திறக்க முடியாது. கூட்டாளிகள் பெயரில்தான் திறக்க வேண்டும், அதிலும் அதிகபட்சம் மூன்று பேர்தான் கூட்டுப் பெயர் சேர்க்க முடியும். அந்தப் பங்குகள் குழுவுடையவை என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் பதிவாகாத நிறுவனத்தின் கூட்டாளி பத்திரத்தில் உள்ள உரிமைக்காக மற்றவர்மீது வழக்குப் போட முடியாது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆகவே பதிந்துவிடுங்கள். வெளியாரிடம், லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது இந்த ஏற்பாட்டுக்குள் வராது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாளிகள் போடும் மூலதனத்துக்குத்தான் விலக்குத் தருகிறது.

பணத்தைச் சேர்க்காமலே இருப்பதும் ஒரு வழி. சேர்ந்து உட்கார்ந்து பேசுவது, அவரவர் டீமேட்டில் அவரவர் வாங்குவது. என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் இதையே சொல்வேன். விலகுவது பிரச்சினையே இல்லை. வரியிலும் லாபம் உண்டு: 2024 ஜூலை 23 முதல், பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் வருடம் ரூ.1,25,000 வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். குழுவாக இருந்தால் அந்த விலக்கு மொத்தக் குழுவுக்கும் ஒன்றுதான். தனித்தனியாக இருந்தால் ஆளுக்கொன்று. மாதம் ரூ.500 போடுபவருக்குத்தான் இது ஒத்துவராது.  ஒரு பங்கின் விலையே ஐந்தாயிரமாக இருந்தால் அவரால் வாங்க முடியாது. சிறு தொகைக்காரர்கள் அதிகமாக இருக்கும் குழுவுக்குச் சேர்த்து வைப்பதே நல்லது.

முடிவெடுப்பது: தலைக்கு ஓட்டா, யூனிட்டுக்கு ஓட்டா

தலைக்கு ஓர் ஓட்டு என்றால் நேற்றுச் சேர்ந்தவரும் பத்து வருடக்காரரும் சமம். கொஞ்சம் போட்டவர் மற்றவர் பணத்தில் துணிச்சல் காட்டலாம். யூனிட்டுக்கு ஓட்டு என்றால் அதிகம் போட்ட இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் காபி குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருடம் வரமாட்டார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு வைத்திருந்தால் தலை ஓட்டு போதும். ஏற்றத்தாழ்வு அதிகமென்றால் இரண்டும் வேண்டும்: வந்தவர்களில் பாதிக்கு மேல், அவர்களுடைய யூனிட்டிலும் பாதிக்கு மேல். எங்கள் குழு அப்படித்தான் செய்கிறது.

எந்த முறையானாலும் தீர்மானத்தில் விலை இருக்க வேண்டும். "இந்தப் பங்கை வாங்கலாம்" என்று எழுதுவது தீர்மானம் ஆகாது. ஞாயிறு பேசி, திங்கள் காலை விலை எட்டு சதவீதம் ஏறித் திறந்தால் வாங்குபவர் என்ன செய்வார்? எத்தனை, எந்த விலைக்கு மேல் வேண்டாம், எத்தனை நாளுக்குள் என்று மூன்றையும் எழுதுங்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பெயரையும் எழுதுங்கள். பிறகு நஷ்டம் வந்தால் அவர் "நான் அன்றே சொன்னேன்" என்று வாதாட வேண்டிய தேவை இருக்காது.

விலகுபவருக்குக் கொடுப்பது

மூன்று வழிகள். மற்ற உறுப்பினர்கள் அவருடைய யூனிட்டை வாங்கிக்கொள்ளலாம். அந்த மாதம் வந்த பணத்திலிருந்து கொடுக்கலாம். பங்கை விற்றுக் கொடுக்கலாம். இதே வரிசையில் முயல்வது நல்லது. முதல் வழியில் குழு எதையும் விற்க வேண்டியதில்லை, தரகும் இல்லை, குழுவுக்கு வரியும் இல்லை; பேரேட்டில் ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு யூனிட் நகர்கிறது. இரண்டாவது வழி சிறு தொகைக்குச் சரி. மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். விற்ற மறுநாளே பணம் வந்துவிடும் என்பதால் நேரம் தடையில்லை, செலவுதான் கேள்வி.

நம் உதாரணத்தில் நூறு யூனிட் வைத்திருப்பவர், யூனிட் ரூ.131 இருக்கும் மாதத்தில் விலகுகிறார் என்று வைப்போம். ரூ.13,100. அதற்காக விற்கும் பங்கு ஒரு வருடத்துக்குள் வாங்கியது, அதில் லாபம் ரூ.2,000 என்றால், குறுகிய கால வரி 20 சதவீதம், அதாவது ரூ.400 குழுவின் பெயரில் விழும். அவருக்கு முழு ரூ.13,100 கொடுத்தால் அந்த ரூ.400ஐயும் தரகையும் இருப்பவர்கள் சுமக்கிறார்கள். "விலகுபவருக்காக விற்றதன் உண்மைச் செலவும் அதற்கான வரியும் அவர் தொகையில் கழியும்" என்று விதியில் இருந்தால் இது ஒரு கழித்தல் கணக்கு. இல்லையென்றால் மனக்கசப்பு. வருடம் தாண்டிய பங்காகப் பார்த்து விற்றால் இந்த அளவுக் குழுவுக்கு வரியே வராமல் போகலாம். எதை விற்பது என்பதைச் செலவு குறைவாக வரும்படி பொருளாளர் தேர்ந்தெடுக்கட்டும். சிலர் விலகுபவருக்கு ஐந்து, பத்து சதவீதம் தண்டமாகப் பிடிக்கிறார்கள். நான் அதை எதிர்க்கிறேன். மகள் படிப்புக்காகப் பணம் எடுப்பவரிடம் தண்டம் வாங்கி நாம் பணக்காரராக வேண்டாம்.

எந்த நாள் விலை என்பதும் விதியில் இருக்க வேண்டும். எழுத்தில் அறிவித்த நாளுக்குப் பிறகு வரும் மாத முடிவின் விலை என்று வையுங்கள். அறிவித்த அன்றைய விலை என்றால் சந்தை உச்சத்தில் இருக்கும் நாள் பார்த்துக் கடிதம் வரும். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பேர் எழுந்தால் அந்த மாதம் மொத்த யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு வரைதான் தீர்ப்பது, மீதி அடுத்த மாத விலையில் என்று ஒரு வரம்பும் தேவை.

பத்திரத்தில் தவறாமல் இருக்க வேண்டிய இரண்டு வாக்கியங்கள் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு கூட்டாளி இறந்தால் கூட்டாண்மையே கலையும் என்கிறது சட்டம். ஆகவே ஒருவர் இறந்தாலும் விலகினாலும் மற்றவர்களோடு குழு தொடரும் என்று எழுதுங்கள், இறந்தவரின் யூனிட் மதிப்பு அவர் வாரிசுக்குப் பணமாகப் போகும் என்றும் சேர்த்து. தொகையை எத்தனை நாளில் கொடுப்போம் என்பது இரண்டாவது. கணக்கை முடிக்காமலே குழு தொடர்ந்து நடந்தால், விலகியவர் தன் பங்குக்கு உரிய பிந்தைய லாபத்தையோ வருடம் 6 சதவீத வட்டியையோ தன் விருப்பம்போலக் கேட்க அதே சட்டம் இடம் தருகிறது.

பணம் கொடுக்கும் நாளில் ஒரு தாளில் அறிவித்த தேதி, விலை எடுத்த தேதி, யூனிட் எண்ணிக்கை, யூனிட் விலை, கழித்த செலவு, கொடுத்த தொகை, வங்கிப் பரிமாற்ற எண் ஆகியவற்றை எழுதுங்கள். "இதற்குமேல் பாக்கி இல்லை" என்று அவரும் இரண்டு உறுப்பினர்களும் கையெழுத்திட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். சென்னைக்குப் போன எங்கள் நண்பருக்கு நாங்கள் கொடுத்திருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.